சேமிப்பிலிருந்து ஆண்டுக்கு எவ்வளவு எடுத்துச் செலவழிக்கலாம்? – 4 சதவீதக் கணக்கும் ஜகாத்தும்

வளைகுடா நாடுகளில் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பும் நம் சகோதரர்களில் பெரும்பாலானவர்களுக்கு மாத ஓய்வூதியம் கிடையாது. வேலை முடியும்போது கம்பெனி கொடுத்த பணிக்கொடையும், இத்தனை ஆண்டுகளில் சேர்த்து வைத்ததும்தான் கையிருப்பு. உள்ளூரில் கடை நடத்திவிட்டுப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு அமர்ந்திருப்பவர்களின் நிலையும் இதுதான். இவர்களிடம் 'எவ்வளவு சேர்த்தீர்கள்?' என்று கேட்பவர்கள் நிறையப் பேர் உண்டு. 'அதிலிருந்து வருடத்துக்கு எவ்வளவு எடுக்கப் போகிறீர்கள்?' என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

அதிகம் எடுத்தால் எழுபத்தைந்து வயதில் கை காலியாகிவிடும். மிகக் குறைவாக எடுத்தால், அல்லாஹ் கொடுத்த பணம் இருந்தும் தன்னையும் மனைவியையும் வருத்திக்கொண்டு வாழ நேரிடும். இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவு உண்டா? இதை முறையாகக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் அமெரிக்கர்கள். அவர்கள் கண்டது என்ன, அது எந்த அளவுக்கு நமக்குப் பொருந்தும், ஜகாத் கொடுப்பவருக்கு அந்தக் கணக்கு எப்படி மாறும் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

சராசரி செய்த ஏமாற்று

1990-களின் தொடக்கம் வரை அமெரிக்க நிதி ஆலோசகர்கள் எளிமையான ஒரு கணக்கைச் சொல்லி வந்தார்கள். நீண்ட காலச் சராசரியில் பங்குகள் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதமும், அரசுக் கடன் பத்திரங்கள் சுமார் 5 சதவீதமும் தந்திருக்கின்றன. இரண்டையும் 60-க்கு 40 என்று கலந்து வைத்தால் சுமார் 8 சதவீதம் வரும். விலைவாசி ஆண்டுக்கு 3 சதவீதம் ஏறுகிறது. அதைக் கழித்தால் 5 சதவீதம் மிச்சம். ஆகவே 5 சதவீதம் எடுத்துச் செலவழிக்கலாம், முதல் அப்படியே இருக்கும் என்றார்கள்.

இந்தக் கணக்கை ஏற்காதவர் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த வில்லியம் பெங்கன். விண்வெளிப் பொறியியல் படித்தவர். குடும்பத்தின் குளிர்பானத் தொழிலில் இருந்துவிட்டு, பிறகு நிதி ஆலோசகர் ஆனவர். தம்மிடம் வருபவர்கள் 'எவ்வளவு எடுக்கலாம்' என்று கேட்டபோது அவர் சராசரியைச் சொல்லவில்லை. பழைய ஏடுகளைப் புரட்டினார். 1926 முதல் பங்குச் சந்தை, கடன் பத்திரம், விலைவாசி ஆகியவற்றின் ஆண்டுக் கணக்குகள் அமெரிக்காவில் இருக்கின்றன. ஒருவர் 1926-இல் ஓய்வு பெற்றிருந்தால் அவருடைய பணம் எத்தனை ஆண்டுகள் வந்திருக்கும், 1927-இல் ஓய்வு பெற்றிருந்தால் எத்தனை ஆண்டுகள் வந்திருக்கும் என்று ஒவ்வோர் ஆண்டாகப் பார்த்தார். 1994 அக்டோபரில் அதன் முடிவை வெளியிட்டார்.

சேமிப்பில் பாதி முதல் முக்கால் பங்கு வரை பங்குகளிலும், மீதி கடன் பத்திரங்களிலும் இருக்க வேண்டும். முதலாண்டில் மொத்தச் சேமிப்பில் சுமார் 4 சதவீதம் எடுக்க வேண்டும். அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் விலைவாசி எவ்வளவு ஏறியதோ அவ்வளவு மட்டும் அந்தத் தொகையைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இப்படிச் செய்தவர், எந்த ஆண்டில் ஓய்வு பெற்றிருந்தாலும், 30 ஆண்டுகளுக்குள் பணம் தீர்ந்து நிற்கவில்லை. 5 சதவீதம் எடுத்தவர்களில் சிலர் இருபது ஆண்டுகளைத் தாண்டிய சிறிது காலத்திலேயே வெறுங்கையாகியிருப்பார்கள். 'நாலு சதவீத விதி' என்று உலகெங்கும் பேசப்படுவது இதுதான்.

இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஓர் இடம் உண்டு. 4 சதவீதம் என்பது முதலாண்டுக்கு மட்டும்தான். ஒவ்வோர் ஆண்டும் அப்போதைய இருப்பில் 4 சதவீதம் எடுப்பது வேறு முறை. அந்த முறையில் பணம் ஒருபோதும் முழுதாகத் தீராது. ஆனால் சந்தை விழுந்த ஆண்டில் வீட்டுச் செலவுப் பணமும் அதே அளவுக்கு விழும். பெங்கன் சொன்ன முறையில், வாங்கும் அரிசியும் மருந்தும் குறையாது. இருப்புதான் ஏறி இறங்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் எல்லாக் கணக்கும் தவறாகிவிடும்.

எந்த ஆண்டு வந்தது என்பதே முக்கியம்

சராசரி 5 சதவீதத்தைத் தாங்கும் என்றால், உண்மையில் 4 சதவீதத்தைத்தானே தாங்கியது? அந்த ஒரு சதவீதம் எங்கே போனது? இதைப் புரிந்துகொள்ள உண்மையான நான்கு ஆண்டுகளை எடுத்துக்கொள்வோம்.

1973-இல் அமெரிக்கப் பங்குகள் ஈவுத்தொகையையும் சேர்த்துச் சுமார் 15 சதவீதம் விழுந்தன. 1974-இல் மேலும் 26 சதவீதம் விழுந்தன. 1975-இல் 37 சதவீதம் ஏறின. 1976-இல் 24 சதவீதம் ஏறின. விலைவாசி 1973-இல் சுமார் 9 சதவீதமும், 1974-இல் 12 சதவீதமும், 1975-இல் 7 சதவீதமும் ஏறியது. கணக்கு எளிமையாக இருக்க, ஒருவர் 1,00,000 டாலரை முழுக்கப் பங்குகளிலேயே வைத்திருந்தார் என்று கொள்வோம்.

அவர் அதிலிருந்து எதையும் எடுக்காமல் இருந்திருந்தால் நான்கு ஆண்டு முடிவில் அது சுமார் 1,06,900 டாலராக இருந்திருக்கும். விழுந்தது, எழுந்தது, கொஞ்சம் லாபம், அவ்வளவுதான்.

இப்போது அவர் ஓய்வு பெற்றவர். 1973 தொடக்கத்தில் 4,000 டாலர் எடுக்கிறார். மீதி 96,000. ஆண்டு முடிவில் அது 81,600 ஆகிறது. அடுத்த ஆண்டு விலைவாசிக்கு ஏற்ப 4,360 எடுக்கிறார். ஆண்டு முடிவில் இருப்பு சுமார் 57,200. மூன்றாம் ஆண்டு 4,883 எடுக்கிறார். சந்தை ஏறி இருப்பு 71,600 ஆகிறது. நான்காம் ஆண்டு 5,225 எடுக்கிறார். முடிவில் இருப்பது சுமார் 82,300.

இதே நான்கு ஆண்டுகளைத் தலைகீழாக அடுக்கிப் பாருங்கள். முதலில் 24 சதவீத ஏற்றம், பிறகு 37 சதவீத ஏற்றம், அதன் பிறகு 26 சதவீத இறக்கம், கடைசியில் 15 சதவீத இறக்கம். எடுக்கும் தொகைகள் அதேதான். முடிவில் இருப்பது சுமார் 91,300. சராசரி ஒன்றே, எடுத்ததும் ஒன்றே. ஆனாலும் 9,000 டாலர் வித்தியாசம். முதலாண்டில் 4,000-க்குப் பதிலாக 8,000 எடுத்திருந்தால் இந்த வித்தியாசம் 18,000 ஆகிவிடும்.

காரணம் எளிது. சந்தை தாழ்ந்திருக்கும்போது வீட்டுச் செலவுக்காக விற்கிறவர், அதே தொகைக்கு அதிகமான பங்குகளை விற்க வேண்டியிருக்கிறது. விற்றுவிட்ட பங்கு, சந்தை எழும்போது அவருடன் சேர்ந்து எழுவதில்லை. மழை இல்லாத ஆண்டில் விதைநெல்லைச் சமைத்துச் சாப்பிட்டவரின் நிலை இது. அடுத்த ஆண்டு நல்ல மழை பெய்தாலும் விதைக்க அவரிடம் நெல் குறைவு.

சம்பாதிக்கும் வயதில் சந்தை விழுவது பெரிய கேடு அல்ல, மலிவாக வாங்கலாம். ஓய்வு பெற்று இருபது ஆண்டுகள் கழித்து விழுந்தாலும் பெரிய கேடு அல்ல. ஓய்வின் முதல் ஐந்து, பத்து ஆண்டுகளில் விழுவதுதான் ஆபத்து. அந்த ஆண்டுகள் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. பாதுகாப்பான விகிதம் சராசரியைவிடக் குறைவாக இருப்பது இதனால்தான்.

பெருமந்தத்தைவிட மோசமான காலம்

அமெரிக்க வரலாற்றில் ஓய்வு பெற மிக மோசமான ஆண்டு எது என்று கேட்டால், 1929 என்றுதான் பலரும் சொல்வார்கள். பங்குச் சந்தை சரிந்து, வங்கிகள் மூடப்பட்ட காலம் அது. ஆனால் கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. 1929 முதல் 1933 வரை அமெரிக்காவில் பொருட்களின் விலையும் சுமார் கால் பங்கு குறைந்தது. 4,000 டாலர் எடுத்து வாழ்ந்தவர், நான்கு ஆண்டுகளில் அதே வாழ்க்கையை 3,000 டாலரில் வாழ முடிந்தது. சேமிப்பு கரைந்தாலும் தேவையும் சுருங்கியது.

உண்மையில் மிக மோசமாக அடிபட்டவர் 1960-களின் பிற்பகுதியில் ஓய்வு பெற்றவர். 1966 தொடக்கத்தில் நியூயார்க்கின் டவ் ஜோன்ஸ் குறியீடு ஏறக்குறைய 1,000 புள்ளிகளில் நின்றது. பதினாறு ஆண்டுகள் கழித்து 1982 ஆகஸ்டில் அது 777. இதே காலத்தில் விலைவாசி ஏறக்குறைய மூன்று மடங்கானது. 1966-இல் 4,000 டாலரில் வாழ்ந்த வாழ்க்கைக்கு 1982-இல் சுமார் 12,000 டாலர் தேவைப்பட்டது. பங்குகள் தந்த ஈவுத்தொகை இல்லாவிட்டால் அவர்களுடைய பணம் இன்னும் சீக்கிரம் தீர்ந்திருக்கும். 4 சதவீதம் என்ற எண்ணே இந்தத் தலைமுறையின் அனுபவத்திலிருந்து வந்ததுதான். மற்ற பெரும்பாலான ஆண்டுகளில் ஓய்வு பெற்றவர்கள் இதைவிட அதிகம் எடுத்திருந்தாலும் சமாளித்திருப்பார்கள்.

ஓய்வு பெற்றவருக்குச் சந்தைச் சரிவைவிடப் பெரிய எதிரி நீடித்த விலையேற்றம் என்பது இதிலிருந்து தெரிகிறது. 1998-இல் டெக்சாஸில் உள்ள டிரினிட்டி பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்கள் கூலி, ஹப்பார்ட், வால்ஸ் ஆகிய மூவர் இதே கேள்வியை வேறு விதமாக ஆராய்ந்தார்கள். பங்கும் கடன் பத்திரமும் பாதிக்குப் பாதி வைத்து, விலைவாசிக்கு ஏற்பக் கூட்டி 4 சதவீதம் எடுத்தால், 30 ஆண்டுக் காலங்களில் நூற்றுக்கு 95 தப்பின. முழுப் பணத்தையும் கடன் பத்திரத்தில் வைத்தவர்களுக்கோ ஐந்தில் நான்கு காலங்களில் பணம் முன்கூட்டியே தீர்ந்தது. ஏற்ற இறக்கம் இல்லாதது என்று நாம் நினைக்கும் இடத்தில்தான் பணம் அதிகம் தீர்ந்திருக்கிறது.

இந்த எண்ணின் எல்லைகள்

4 என்பதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. முதலாவது, அது 30 ஆண்டுகளுக்கான கணக்கு. 65 வயதில் ஓய்வு பெறும் அமெரிக்கருக்கு அது போதும். ஐம்பதில் ஊர் திரும்பும் நம் சகோதரருக்கும், அவரைவிட எட்டு, பத்து வயது இளைய அவருடைய மனைவிக்கும் நாற்பது ஆண்டுகள் வரை தேவைப்படலாம். காலம் நீள நீள விகிதம் குறையும்.

இரண்டாவது, இது அமெரிக்காவின் கணக்கு. இருபதாம் நூற்றாண்டில் அந்த நாட்டுப் பங்குகளைப் போல வளர்ந்தவை அரிது. வேட் பஃபாவ் என்ற ஆய்வாளர் 2010-இல் 17 வளர்ந்த நாடுகளின் வரலாற்றை வைத்துப் பார்த்தபோது, பெரும்பாலான நாடுகளில் 4 சதவீதம் தாங்கவில்லை. போரும் கட்டுக்கடங்காத விலையேற்றமும் கண்ட நாடுகளில் மிகவும் குறைவாகவே தாங்கியது.

மூன்றாவது, பெங்கனின் கணக்கில் வரியும் நிதி நிறுவனங்களின் கட்டணமும் கழிக்கப்படவில்லை.

எண்ணும் நிலையாக நிற்கவில்லை. சிறு நிறுவனப் பங்குகள் உள்ளிட்ட பலவற்றையும் சேர்த்துப் பார்த்த பெங்கன் அண்மையில் அதை 4.7 வரை உயர்த்தியிருக்கிறார். மார்னிங்ஸ்டார் நிறுவனமோ எதிர்கால மதிப்பீடுகளை வைத்து 2021-இல் 3.3 என்றும், 2023-இல் 4 என்றும், 2024-இல் 3.7 என்றும் சொன்னது. ஆகவே 3-க்கும் 4.5-க்கும் நடுவில் என்று எடுத்துக்கொள்வதே நேர்மையானது.

ஜகாத்தைச் சேர்த்தால்

மேற்கண்ட ஆய்வுகள் எதிலும் ஜகாத் இல்லை. நமக்கோ அது தவிர்க்க முடியாத கடமை. நிஸாப் அளவைத் தாண்டிய பணத்துக்கு ஒவ்வொரு சந்திர ஆண்டும் 2.5 சதவீதம். '4 சதவீதம் எடுக்கலாமாமே' என்று கேள்விப்பட்டு, வீட்டுச் செலவுக்கு 4 எடுத்து, அதன் மேல் ஜகாத்துக்கு 2.5 எடுப்பவர், உண்மையில் ஆண்டுக்கு 6.5 சதவீதத்தில் தொடங்குகிறார். அது எந்த ஆய்வின்படியும் பாதுகாப்பானது அல்ல.

அப்படியானால் 4-இலிருந்து 2.5-ஐக் கழித்து 1.5 சதவீதத்தில்தான் குடும்பம் நடத்த வேண்டுமா? இல்லை. இங்கே நிதானமாகக் கணக்குப் போட வேண்டும். வீட்டுச் செலவு விலைவாசியோடு ஏறிக்கொண்டே போகும்; இருப்பு குறைகிறதே என்று அது குறையாது. ஜகாத் அப்படி அல்ல. இருப்பு குறைந்தால் ஜகாத்தும் குறையும். நிஸாபுக்குக் கீழே போனால் கடமையே இல்லை. மார்க்கம் வைத்த இந்த முறையே ஒரு சலுகை.

30 ஆண்டுகளுக்கு 4 சதவீதம் தாங்குவது என்பது, பணம் விலைவாசியைத் தாண்டி ஆண்டுக்குச் சுமார் 1.3 சதவீதம் மட்டும் சீராக வளர்வதற்குச் சமம். மோசமான காலத்தில் கிடைத்தது அவ்வளவுதான். இதில் 2.5 சதவீதம் ஜகாத் போனால், பணம் ஆண்டுக்குச் சுமார் 1.2 சதவீதம் தேய்கிறது. தேயும் அந்தப் பணம் 30 ஆண்டுகள் வர வேண்டுமானால், முதலாண்டில் வீட்டுச் செலவுக்குச் சுமார் 2.75 சதவீதம் எடுக்கலாம். அதாவது 50 லட்சம் ரூபாய் வைத்திருப்பவர் 2 லட்சத்துக்குப் பதிலாக ஏறக்குறைய 1,37,500 ரூபாய், மாதம் சுமார் 11,500 ரூபாய் எடுக்கலாம். ஜகாத் தனி.

இது சேமிப்பு முழுவதற்கும் ஜகாத் கடமையாகும் நிலை. பணம் எந்த உருவில் இருக்கிறது என்பதைப் பொறுத்து இது மாறும். ரொக்கத்துக்கு முழுமையாக ஜகாத் உண்டு. விற்று லாபம் பார்ப்பதற்காக வாங்கிய பங்குகளுக்குச் சந்தை மதிப்பில் ஜகாத். நீண்ட காலம் வைத்திருந்து ஈவுத்தொகை பெறுவதற்கான பங்குகள் குறித்து இன்றைய அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவற்றுக்கும் சந்தை மதிப்பில் கொடுக்க வேண்டும் என்பது ஒரு கருத்து. அந்த நிறுவனத்தின் ரொக்கம், சரக்கு போன்ற ஜகாத்துக்குரிய பகுதிக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்பது மற்றொரு கருத்து. அந்தப் பகுதி மதிப்பில் 30 சதவீதம் என்று வைத்தால், மேற்கண்ட 2.75 சுமார் 3.6 ஆகிறது. வாடகைக்கு விட்ட கடைக்கும் வீட்டுக்கும் கட்டட மதிப்பில் ஜகாத் இல்லை. வாடகையில் செலவு போகச் சேரும் பணத்துக்கே உண்டு என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. ஆகவே தம்முடைய சொத்தின் விவரத்தை ஆலிமிடம் சொல்லித் தெளிவு பெற்ற பிறகே தம் விகிதத்தை முடிவு செய்ய வேண்டும்.

வட்டி வேண்டாம் என்று சும்மா வைத்திருப்பவர்

வட்டியைத் தவிர்ப்பது கடமை. அதற்காகப் பலர் முழுப் பணத்தையும் நடப்புக் கணக்கிலோ பீரோவிலோ வைத்துவிடுகிறார்கள். இந்தப் பணம் எத்தனை ஆண்டு வரும்?

100-இல் 4 எடுத்தால் 25 ஆண்டுகள் என்று வாய்க்கணக்கு சொல்லும். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுகிறது என்று வைத்து, எடுக்கும் தொகையையும் அதற்கேற்பக் கூட்டினால், 16 ஆண்டுகளைத் தாண்டியதும் தீர்ந்துவிடும். ஜகாத்தையும் சேர்த்தால் 14 ஆண்டுகளைத் தாண்டிச் சில மாதங்கள். 55 வயதில் தொடங்கியவருக்கு 70 வயதில் கை காலி. சந்தையில் பணத்தைப் போட்டு இழந்தவரைப் பற்றி ஊர் பேசும். சும்மா வைத்துக் கரைத்தவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் இந்தக் கரைவுக்கு விதிவிலக்கே இல்லை.

இது புதிய செய்தியும் அல்ல. அநாதைகளின் சொத்தை ஜகாத் கரைத்துவிடாதபடி வியாபாரத்தில் ஈடுபடுத்துமாறு உமர் (ரலி) அவர்கள் சொன்னதாக இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் பதிவாகியிருக்கிறது. வளராத பணத்தை ஜகாத் தேய்க்கும் என்ற கணக்கு அன்றே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கடன் பத்திரத்தின் இடத்தில் நாம் வைக்கக்கூடியவை குறைவு. ஷரீஆ வரையறைக்கு உட்பட்ட பங்குகள், வாடகை வரும் கட்டடம், நம்பகமானவரோடு எழுத்து மூலம் செய்துகொண்ட லாப நட்டப் பங்கு வியாபாரம், கொஞ்சம் தங்கம், ஒன்றிரண்டு ஆண்டுச் செலவுக்கான ரொக்கம் ஆகியவை இருக்கின்றன. இந்தக் கலவைக்கு அமெரிக்கர்களிடம் இருப்பதைப் போன்ற நூறாண்டுக் கணக்கு கிடையாது. அதனால்தான் 4 என்று தொடங்காமல் குறைத்துத் தொடங்குவது அறிவு. இரட்டிப்பு லாபம் தருகிறேன் என்று வருபவரிடம் மொத்தத்தையும் கொடுப்பவருக்கு எந்த விகிதமும் உதவாது.

சரியாகப் போகிறதா என்று எப்படி அறிவது?

முதலாண்டில் ஒரு தொகையை முடிவு செய்துவிட்டு 30 ஆண்டுகள் கண்ணை மூடிக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஆண்டுக்கு ஒரு முறை, ஜகாத்துக்காகக் கணக்குப் பார்க்கும் அதே நாளில், இன்னொரு வகுத்தல் போட்டால் போதும். இந்த ஆண்டு எடுக்கப் போகும் தொகையை இன்றைய இருப்பால் வகுக்க வேண்டும். வரும் விகிதத்தை முதலாண்டு விகிதத்தோடு ஒப்பிட வேண்டும்.

ஜோனதன் கைட்டன், வில்லியம் கிளிங்கர் என்ற இருவர் 2006-இல் இதற்கு ஒரு வரம்பு சொன்னார்கள். விகிதம் தொடக்கத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டால், அதாவது 4-இல் தொடங்கியவருக்கு 4.8-ஐத் தாண்டிவிட்டால், அந்த ஆண்டுச் செலவில் 10 சதவீதம் குறைக்க வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு குறைந்து 3.2-க்குக் கீழே போனால் 10 சதவீதம் கூட்டிக்கொள்ளலாம். அவர்களுடைய முறையில் வேறு விதிகளும் உண்டு. நமக்கு இது ஒன்று போதும்.

1973-இல் ஓய்வு பெற்றவருக்கு இதைப் பொருத்துவோம். 1974-இல் அவர் எடுக்கவிருந்த 4,360 டாலர், இருப்பான 81,600-இல் 5.3 சதவீதம். வரம்பு தாண்டிவிட்டது. எனவே 3,924 மட்டும் எடுக்கிறார். 1975-இலும் 1976-இலும் இதே நிலை, மீண்டும் குறைக்கிறார். நான்காண்டு முடிவில் அவரிடம் 82,300-க்குப் பதிலாகச் சுமார் 86,200 இருக்கிறது. அதற்கு அவர் கொடுத்த விலையையும் பார்க்க வேண்டும். 1976-இல் பழைய வாழ்க்கைக்கு 5,225 தேவை. அவர் எடுத்தது 3,809. ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குக்கும் மேல் செலவைக் குறைத்து வாழ்ந்திருக்கிறார்.

8,000-இல் தொடங்கியவரின் கதை வேறு. அவர் எதையும் குறைக்காமல் போயிருந்தால், ஐந்தாம் ஆண்டில் எடுக்க வேண்டியது இருப்பில் 19 சதவீதம். அந்த நிலையில் 10 சதவீதம் குறைத்து ஒரு பயனும் இல்லை. சந்தை எழுந்தாலும் அவர் எழ முடியாது. விகிதம் இரண்டு மடங்கைத் தாண்டிய பிறகு விழித்துக்கொள்வது தாமதம். ஒன்றே கால் மடங்கை எட்டும்போதே விழித்துக்கொள்ள வேண்டும்.

இதிலிருந்து ஒரு நடைமுறை முடிவு வருகிறது. குறைக்கக் கூடிய செலவு எது, குறைக்க முடியாதது எது என்று முதலிலேயே பிரித்து எழுத வேண்டும். அரிசி, மருந்து, மின்கட்டணம் குறையாது. விருந்து, பயணம், வீட்டை மாற்றிக் கட்டுவது ஆகியவற்றைத் தள்ளிப்போடலாம். குறைக்க முடியாத செலவே 4 சதவீதத்தை எட்டுகிறது என்றால், அவர் இன்னும் ஓய்வு பெறும் நிலைக்கு வரவில்லை என்று பொருள். பகுதி நேரமாக இரண்டு, மூன்று ஆண்டுகள் உழைத்தாலும் ஆபத்தான தொடக்க ஆண்டுகளைக் கடந்துவிடலாம்.

அதேபோல மகளின் திருமணம், ஹஜ், வீட்டின் மேல்தளம் என்று ஊர் திரும்பியதும் வரும் பெரிய செலவுகளை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். 60 லட்சத்தோடு வந்து, அதில் 20 லட்சம் இவற்றுக்குப் போகும் என்றால், விகிதத்தை 40 லட்சத்துக்குத்தான் போட வேண்டும். 60-க்குப் போட்டு எடுத்துக்கொண்டே 20-ஐயும் செலவழிப்பவர், சந்தை விழாமலேயே தம் முதலாண்டில் 1973-ஐயும் 1974-ஐயும் தாமே உண்டாக்கிக்கொள்கிறார்.

வயதும் ரிஸ்கும் அல்லாஹ்வின் கையில். எத்தனை ஆண்டு வாழ்வோம், சந்தை எப்போது விழும் என்பது நமக்குத் தெரியாது. நம் கையில் இருப்பது முதலாண்டில் எடுக்கும் தொகையும், ஆண்டுதோறும் ஜகாத் கணக்குப் பார்க்கும் நாளில் போடும் அந்த ஒரு வகுத்தலும்தான். வரும் ரமளானில் ஜகாத் கணக்கு எழுதும் தாளின் கடைசி வரியில் அந்த விகிதத்தையும் எழுதி வைப்போம். அடுத்த ரமளானில் அதன் பக்கத்திலேயே புதிய விகிதத்தை எழுதிப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.